மாமாவிடம் வாங்கிய மூன்று லட்சம்: வட்டிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

வங்கிக் கடனுக்கு மாதத் தவணை உண்டு. எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். சொந்தத்தில் வாங்கிய கடனுக்கு அப்படி எதுவும் கிடையாது. கையில் காசு புரளும்போது கொஞ்சம், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொஞ்சம், சீட்டு எடுத்தால் மொத்தமாகக் கொஞ்சம் என்று பணம் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்து, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று உட்கார்ந்தால் கொடுத்தவர் ஒரு தொகை சொல்வார், வாங்கியவர் இன்னொரு தொகை சொல்வார். இருவர் நோட்டிலும் தேதிகள் ஒன்றாகவே இருக்கும், தொகைகளும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் விடை மட்டும் பத்து, இருபதாயிரம் தள்ளி நிற்கும்.

இந்த வித்தியாசம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். இடையில் கொடுத்த ஒவ்வொரு தொகையையும் வட்டியில் வரவு வைப்பதா, அசலில் வரவு வைப்பதா என்பதை இருவரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு விதமாக மனதில் வைத்திருப்பார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தன் தாய்மாமாவிடம் 2023 ஏப்ரல் 10-ஆம் தேதி 3,00,000 ரூபாய் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று பேச்சு. ஊரில் 'ஒரு வட்டி' என்றால் இதுதான், வருடத்துக்கு 12 சதவீதம். மருமகன் ஆகஸ்ட் 25-ஆம் தேதி 20,000 கொடுக்கிறார். 2024 பொங்கலன்று, ஜனவரி 15-இல், 5,000 கொடுக்கிறார். ஜூன் 3-ஆம் தேதி சீட்டு எடுத்த பணத்தில் 1,00,000. 2025 பிப்ரவரி 20-இல் 50,000. ஆகஸ்ட் 31-ஆம் தேதி கணக்கை முடித்துவிடலாம் என்று இருவரும் உட்காருகிறார்கள். இதுவரை கொடுத்தது மொத்தம் 1,75,000.

மாமாவின் கணக்கு இப்படிப் போகிறது: மூன்று லட்சத்துக்கு 874 நாள் வட்டி 86,203. அசலோடு சேர்த்து 3,86,203. அதில் கொடுத்த 1,75,000 போக, பாக்கி 2,11,203.

மருமகனின் கணக்கு வேறு. 20,000 கொடுத்ததும் அசல் 2,80,000. பொங்கலுக்குப் பிறகு 2,75,000. சீட்டுப் பணம் கொடுத்தபின் 1,75,000. கடைசியாக 1,25,000. அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த அசலுக்கு வட்டி போட்டால் மொத்த வட்டி 62,298. பாக்கி 1,87,298 என்கிறார்.

இரண்டுக்கும் இடையே 23,905 ரூபாய். இருவருமே நல்ல மனதோடுதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மாமாவின் கணக்கில், 2024 ஜூனிலேயே அவர் கைக்கு வந்துவிட்ட ஒரு லட்சத்துக்கு 2025 ஆகஸ்ட் வரை மருமகன் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அது தவறு. மருமகனின் கணக்கில், அன்றுவரை ஏறியிருந்த வட்டி ஒரு ரூபாய்கூடத் தீராமல் நிற்க, கொடுத்த பணம் முழுவதும் அசலைக் குறைக்கப் போய்விடுகிறது. இரு தரப்பும் அப்படிப் பேசி ஒப்புக்கொண்டிருந்தால் அதிலும் தவறில்லை. பேசாதபோது அதை ஒருவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

பேச்சு எதுவும் இல்லாதபோது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை எளியது. பணம் வந்த தேதிவரை ஏறிய வட்டி முதலில் தீர வேண்டும், மிச்சம்தான் அசலுக்குப் போகும். பிரிட்டிஷ் காலத்தில் பிரிவி கவுன்சில் இதைச் சொன்னது. 2006-இல் குர்பிரீத் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இந்த அடிப்படையை எடுத்துப் பேசியிருக்கிறது. சொந்தங்களுக்குள் கோர்ட்டு வரை போக வேண்டியதில்லை. ஆனால் நடுவில் நின்று கணக்குப் பார்ப்பவருக்கு இது நல்ல பிடிமானம்.

இந்த முறையில் நோட்டில் இரண்டு பத்திகள் வேண்டும். ஒன்று அசல், மற்றொன்று வட்டி நிலுவை. இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டி எழுதவே கூடாது. ஏன் என்பது பொங்கல் பணத்துக்கு வரும்போது தெரியும்.

முதல் வரவை எடுங்கள். ஏப்ரல் 10-இலிருந்து ஆகஸ்ட் 25 வரை 137 நாட்கள். ஏப்ரலில் 20, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 25. கடன் வாங்கிய நாளையும் திருப்பிய நாளையும் சேர்த்து எண்ணக் கூடாது, இரண்டில் ஒன்றுதான் சேரும். சிலர் ஒவ்வொரு முறையும் இரண்டையும் எண்ணிவிடுவார்கள். இந்தக் கணக்கில் ஐந்து கட்டத்திலும் அப்படிச் செய்தால் 400 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். 3,00,000-க்கு வருட வட்டி 36,000. அதை 137-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 13,512. கொடுத்த 20,000-இல் இந்த 13,512 வட்டிக்குப் போகிறது. மிச்சம் 6,488 அசலில் கழிகிறது. அசல் இனி 2,93,512, வட்டி நிலுவை சுழி.

ஊர்ப் பழக்கப்படி மாதமாகவும் எண்ணலாம். ஏப்ரல் 10 முதல் ஆகஸ்ட் 25 வரை நாலு மாதம் பதினைந்து நாள். மாதம் 3,000 வீதம் 13,500 வரும். பன்னிரண்டு ரூபாய்தான் வித்தியாசம். எந்த முறையானாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் 'மாதம் பிறந்துவிட்டால் முழு மாத வட்டி' என்ற அடகுக் கடை வழக்கத்தை முன்பே பேசாமல் நடுவில் கொண்டுவந்து நுழைத்தால், ஒவ்வொரு வரவின்போதும் சில நாட்கள் கூடுதலாக ஏறிக்கொண்டே போகும்.

இப்போது பொங்கல் பணம். ஆகஸ்ட் 25 முதல் ஜனவரி 15 வரை 143 நாட்கள். 2,93,512-க்கு அத்தனை நாளைக்கான வட்டி 13,799. மருமகன் கொடுத்தது 5,000. வட்டிக்கே போதவில்லை. ஆகவே அசல் அப்படியே 2,93,512-ஆக நிற்கும், வட்டி நிலுவைப் பத்தியில் 8,799 ஏறும்.

கணக்குப் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாக்கி மொத்தம் 3,02,311 என்று ஒரே தொகையாக எழுதிவிட்டால், அடுத்த முறை கணக்குப் போடுபவர் அந்தத் தொகைக்கே வட்டி போடுவார். அது வட்டிக்கு வட்டி. அப்படிப் பேசாதபோது அதை வாங்கக் கூடாது. இந்த ஒரு தடவைக்கு அது கடைசியில் சுமார் 470 ரூபாய்தான் கூட்டும். ஆனால் வருடக்கணக்கில் சின்னச் சின்னதாகக் கொடுத்துவரும் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் வட்டி நிலுவை அசலோடு சேர்ந்துகொண்டே போனால் கடன் குறைவதற்குப் பதிலாக வளரும். "நானும் கொடுத்துக்கிட்டேதான் இருக்கேன், கடன் குறையவே மாட்டேங்குதே" என்று ஒருவர் சொன்னால், அவர் நோட்டில் நான் முதலில் தேடுவது இதைத்தான். அசல் எந்தத் தேதியிலாவது முந்தைய வரியைவிட ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். புதிதாகக் கடன் வாங்காமல் அசல் ஏறவே முடியாது. ஏறியிருந்தால் அங்கே வட்டி அசலுக்குள் புகுந்திருக்கிறது.

ஜூன் 3-ஆம் தேதிச் சீட்டுப் பணத்துக்கு வருவோம். ஜனவரி 15-இலிருந்து 140 நாட்கள். 2024 லீப் வருடம் என்பதால் பிப்ரவரிக்கு 29 நாள் எண்ண வேண்டும். அசல் 2,93,512-க்கு இந்த நாட்களின் வட்டி 13,510. பழைய நிலுவை 8,799-உம் சேர்ந்து தீர வேண்டிய வட்டி 22,309. ஒரு லட்சத்தில் அது போக 77,691 அசலில் கழிகிறது. அசல் 2,15,821. இதற்குப் பின் இருக்கும் இரண்டு கட்டமும் இதே மாதிரிதான். நோட்டில் பார்த்தால் இப்படி இருக்கும்:

| தேதி | நாட்கள் | ஏறிய வட்டி | கொடுத்தது | வட்டி நிலுவை | அசல் |
|---|---|---|---|---|---|
| 10-4-2023 | | | | 0 | 3,00,000 |
| 25-8-2023 | 137 | 13,512 | 20,000 | 0 | 2,93,512 |
| 15-1-2024 | 143 | 13,799 | 5,000 | 8,799 | 2,93,512 |
| 3-6-2024 | 140 | 13,510 | 1,00,000 | 0 | 2,15,821 |
| 20-2-2025 | 262 | 18,590 | 50,000 | 0 | 1,84,411 |
| 31-8-2025 | 192 | 11,641 | | 11,641 | 1,84,411 |

கடைசி வரியில் அசலையும் வட்டி நிலுவையையும் கூட்டினால் 1,96,052. மாமா கேட்டதைவிட 15,151 குறைவு, மருமகன் சொன்னதைவிட 8,754 அதிகம். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஏறிய வட்டி என்ற பத்தியை மட்டும் கூட்டுங்கள், 71,052 வரும். முதலில் வாங்கிய மூன்று லட்சத்தோடு அதைச் சேர்த்து, கொடுத்த 1,75,000-ஐக் கழித்தால் அதே 1,96,052 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கழித்தலில் தவறியிருக்கிறோம் என்று அர்த்தம். நாட்களைக் கூட்டினால் 874 வருகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

கணினியிலோ செல்பேசியிலோ விரிதாள் வைத்திருப்பவர்களுக்கு நாட்களை விரல்விட்டு எண்ணும் வேலை இல்லை. ஒரு தேதியிலிருந்து மற்றொரு தேதியைக் கழித்தாலே நாட்கள் வந்துவிடும். A பத்தியில் தேதி, B பத்தியில் அசல் என்று வைத்தால், ஏறிய வட்டிக்கு இந்தச் சூத்திரம்:

```
=ROUND(B2*12%*(A3-A2)/365,0)
```

ஒரு எச்சரிக்கை. சில செல்பேசிகளில் தேதி அமெரிக்க முறையில் அமைந்திருக்கும். அதில் 10/04/2023 என்று தட்டினால் அது அக்டோபர் 4 என்று எடுத்துக்கொள்ளும். நாட்களின் எண்ணிக்கை எதிர்க்குறியோடு வந்தாலோ, நாலு மாதம் என்று தெரிந்த இடத்தில் வேறு ஏதோ வந்தாலோ இதுதான் காரணமாக இருக்கும். மாதத்தை எழுத்தில் தட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி, பேசி மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். சீட்டுப் பணத்தைக் கொடுக்கும்போது மருமகன், "மாமா, இதை அசல்லயே கழிச்சுக்குங்க, வட்டியப் பின்னாடி மொத்தமாத் தந்துடுறேன்" என்று கேட்டு, மாமாவும் "சரி மாப்ளே" என்றிருந்தால், வட்டி முதலில் என்ற முறை அந்த ஒரு லட்சத்துக்குப் பொருந்தாது. அசல் ஒரே அடியாக 1,93,512 ஆகிவிடும். வட்டி நிலுவை 22,309 அப்படியே ஓரமாக நிற்கும், அதற்கு வட்டி கிடையாது. அடுத்த வரவு வரும் பிப்ரவரி 20 வரையிலான 262 நாளில் மருமகனுக்கு 1,922 ரூபாய் மிச்சம். மாமாவுக்கு அதே அளவு குறைவு. மூன்று லட்சத்துக் கடனில் இது பெரிய தொகை இல்லை, மனமிருந்தால் விட்டுக்கொடுக்கக் கூடியதே. ஆனால் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து, "அன்னிக்கே அசல்னு சொல்லித்தானே குடுத்தேன்" என்று ஒருவரும், "நீ அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்று மற்றவரும் நின்றால், அதைத் தீர்க்க எந்தக் கணக்கு முறையாலும் முடியாது.

புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தால் அதன் பின்பக்கமே இதற்கான இடம். கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் தேதி, தொகை, வட்டியில் இவ்வளவு, அசலில் இவ்வளவு, மீதி அசல் இவ்வளவு என்று ஒரு வரி எழுதி, பணம் கொடுப்பவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வாங்கியவர் கையெழுத்துப் போட்டால் பணம் கொடுத்ததற்கு அது ரசீது. கொடுத்தவர் கையெழுத்துக்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. கைக்கடனைக் கேட்டு வழக்குப் போடக் காலவரம்பு மூன்று வருடம். கடன் கொடுத்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும். நம் கணக்கில் அது 2026 ஏப்ரல் 10-உடன் முடியும். அதற்குள் மருமகன் ஒரு தொகை கொடுத்து, அதைத் தன் கையெழுத்தோடு எழுதியும் வைத்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்குகிறது. 2025 பிப்ரவரி 20-ஆம் தேதி வரவுக்குக் கையெழுத்து இருந்தால் மாமாவுக்கு 2028 பிப்ரவரி வரை நேரம் உண்டு. 1963-ஆம் வருடக் காலவரம்புச் சட்டம் இதைச் சொல்கிறது. எழுத்து இல்லாமல் ரொக்கமாகக் கைமாறிய பணம் இதற்கு உதவாது. மருமகனிடம் கையெழுத்துக் கேட்கச் சங்கடப்படும் மாமாக்கள் பலர், சொந்த உரிமை கைநழுவுவது தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

புரோநோட்டு இல்லாத வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் தேதியும் தொகையும் தானாகவே பதிவாகிவிடும். தவிர, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதையும் திருப்புவதையும் வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சொந்தக்காரருக்குள் என்பதால் மட்டும் அதில் விலக்குக் கிடைத்துவிடாது.

சொந்தக் கடனில் மட்டுமே வருகிற சிக்கல் இன்னொன்று உண்டு, பணமாகக் கொடுக்காத வரவு. அறுவடையில் இரண்டு மூட்டை நெல் மாமா வீட்டுக்குப் போயிருக்கும். அத்தைக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரிச் செலவை மருமகன் கட்டியிருப்பார். மாமா மகள் கல்யாணத்தில் பத்தாயிரம் மொய் எழுதியிருப்பார். கொடுத்தவர் மனதில் இவை பாதி கடனாகவும் பாதி உறவாகவும் இருக்கும். கணக்கு முடிக்கும் நாளில் இவற்றை எடுத்து வைப்பதைப் போல மனக்கசப்பு வேறில்லை. என் கருத்தில் மொய்யை ஒருபோதும் இதில் சேர்க்கக் கூடாது. அது எதிர்மொய்யாகத் திரும்புகிற தனிக் கணக்கு. நெல்லும் ஆஸ்பத்திரிச் செலவும் வேறு வகை. அவற்றைக் கடனில் சேர்ப்பதானால் கொடுத்த வாரத்திலேயே, அன்றைய விலையில், ஒரு தொகையாக்கி நோட்டில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாதவை அன்போடு கொடுத்தவையாகவே இருக்கட்டும்.

வட்டி எவ்வளவு என்பதே பேசாமல், "பேங்க் வட்டி போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்ட கடன்களும் உண்டு. வங்கி வட்டி என்று ஒன்று இல்லை. வைப்புத் தொகைக்குத் தரும் வட்டி வேறு, கடனுக்கு வாங்கும் வட்டி வேறு. மாமா தன் வைப்பை உடைத்துக் கொடுத்திருந்தால் அவர் இழந்தது வைப்பு வட்டி. அத்தையின் நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தால் அவர் வெளியே கட்டுவது நகைக்கடன் வட்டி, அதற்கும் குறைவாக அவரை ஏற்கச் சொல்வது நியாயமாகாது. மாமா எங்கிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று கேட்டாலே விகிதம் தானாகக் கிடைத்துவிடும். நடுவில் விகிதம் மாறினாலும், "இனிமே வட்டி வேணாம், அசலைக் குடுத்தாப் போதும்" என்று மாமா சொன்னாலும், அந்தத் தேதியில் ஒரு வரி எழுதி அதுவரை ஏறிய வட்டியைக் கணக்கிட்டு நிலுவைப் பத்தியில் நிறுத்திவிட வேண்டும். அந்த நிலுவையையும் சேர்த்து விட்டுவிட்டாரா, இல்லை இனி ஏறுகிற வட்டியை மட்டும்தானா என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

கணக்கு முடிக்கும் நாளும் பல வீடுகளில் தள்ளிப்போகும். ஆகஸ்ட் 31-க்கு 1,96,052 என்று முடிவாகி, மருமகன் செப்டம்பர் 5-ஆம் தேதிதான் பணம் கொண்டுவருகிறார் என்றால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியதில்லை. 1,84,411 ரூபாய் அசலுக்கு ஒரு நாள் வட்டி 60 ரூபாய் 63 காசு. ஐந்து நாளுக்கு 303. கொடுக்க வேண்டியது 1,96,355. இந்த நாள் வட்டியைக் கடைசி வரிக்குக் கீழேயே எழுதி வைத்துவிட்டால், என்றைக்கு வந்தாலும் நாளை எண்ணிக் கூட்டிக்கொள்ளலாம். பணம் கைமாறியதும் புரோநோட்டின் பின்பக்கம் 'அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை' என்று மாமா தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை மருமகன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.